"நாளைக்கு வர வேண்டாம்": பிரெஞ்சுத் தொழில் வழக்குகளில் எழுத்தின் இடம்

பாரிஸின் சிறிய உணவகங்களில் ஒருவரின் வேலை போவதற்குக் கடிதம் தேவைப்படுவதில்லை. இரவு பதினொன்றரை மணிக்குக் குசினியில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடம் முதலாளி வந்து "நாளைக்கு வர வேண்டாம்" என்பார். அவரும் மறுநாள் போகமாட்டார். நண்பர்களிடம் கேட்டால், வாய்மொழியாக வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி செல்லாது, வழக்குப் போட்டால் வெல்லலாம் என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்தில் வாய்மொழிப் பணிநீக்கம் நியாயமான காரணம் அற்றதாகவே கருதப்படும். பின்னால் ஒரு கடிதம் அனுப்பி அதைச் சரிசெய்யவும் முதலாளியால் முடியாது. ஆனால் அப்படி ஒரு வார்த்தை சொல்லப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான். மீதிப் பாதி அங்கே இருக்கிறது.

2023இலிருந்து இந்த இடம் இன்னும் ஆபத்தானது. 2022 டிசம்பர் 21ஆம் தேதிச் சட்டமும் அதை நடைமுறைப்படுத்திய 2023 ஏப்ரல் 17ஆம் தேதி ஆணையும், காரணம் சொல்லாமல் வேலைக்கு வராதவரைத் தானே வேலையை விட்டவராகக் கருத வழி செய்துள்ளன. முதலாளி செய்ய வேண்டியது சிறிது. 'வராததற்குக் காரணம் சொல்லுங்கள், வேலைக்குத் திரும்புங்கள்' என்று கேட்டு, பதினைந்து நாளுக்குக் குறையாத கெடுவுடன் பதிவுத் தபால் ஒன்றை அனுப்ப வேண்டும். தபாற்காரர் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை, அஞ்சலகத்தில் போய் எடுக்கவும் நேரமில்லை, அல்லது எடுத்தும் புரியாமல் மேசைமேல் கிடந்தது என்று கெடு கடந்துவிட்டால், வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் தாமாக விலகியவராகிவிடுகிறார். தாமாக விலகியவருக்குப் பொதுவாக வேலையில்லாக் காலக் கொடுப்பனவு கிடையாது. இதை எதிர்த்து நேராகத் தொழில் வழக்கு மன்றத்தின் தீர்ப்பு அமர்வுக்கே போகலாம், ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடப்பில் அந்த ஒரு மாதம் நீண்டுவிடும். நீண்டாலும் நீளாவிட்டாலும் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: முதலாளி அப்படிச் சொன்னார் என்பதற்கு என்ன இருக்கிறது?

அன்றிரவே அனுப்பிய ஒரு மின்னஞ்சல் இருந்தால் கதை வேறு. கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"மஸ்யூ, இன்று 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, இரவு 11.30 மணியளவில் குசினியில் நீங்கள் என்னிடம் 'நாளையிலிருந்து வர வேண்டாம், முடிந்தது' என்று சொன்னீர்கள். தலைமைச் சமையற்காரர் அங்கே இருந்தார். எழுத்தில் எதுவும் எனக்குத் தரப்படவில்லை. நான் வேலையை விடவில்லை. அட்டவணைப்படி நாளை காலை 11 மணிக்கு என் வேலை தொடங்குகிறது. வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன். நான் வர வேண்டுமா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

இதைப் பிரெஞ்சில்தான் அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சில வரிகளில் கோபம் இல்லை, சட்ட எண் இல்லை, மிரட்டல் இல்லை. முதலாளி என்ன பதில் சொன்னாலும் அது அவரை ஓர் இடத்தில் நிறுத்திவிடும் என்பதுதான் இதன் பலம். "நான் அப்படிச் சொல்லவில்லை, நாளை வா" என்றால் வேலை தொடர்கிறது. அப்போது கட்டாயம் போக வேண்டும். "ஏன் நிறுத்தினேன் என்று உனக்கே தெரியும்" என்றால் அது ஒப்புதல் வாக்குமூலம். ஒன்றும் சொல்லாவிட்டால், மறுநாள் 11 மணிக்குக் கடை வாசலுக்குப் போக வேண்டும். உள்ளே விடவில்லையென்றால், யார் கதவருகில் நின்றார், என்ன சொன்னார் என்று அன்றைக்கே இரண்டாவது மின்னஞ்சல் போக வேண்டும். இதற்குப் பிறகு வரும் 'வேலைக்குத் திரும்பு' என்ற பதிவுத் தபாலுக்கு மறுமொழி எழுதுவது மிகவும் எளிது. முந்தைய இரண்டு மின்னஞ்சல்களின் தேதியைக் குறித்து, நான் தயாராக இருந்தேன், இருக்கிறேன் என்று பதிவுத் தபாலிலேயே சொன்னால் போதும்.

இந்த எழுத்தை யார் படிக்கப்போகிறார் என்பதை வைத்தே எப்படி எழுதுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பெறுநர் முதலாளி, ஆனால் உண்மையான வாசகர் அவரில்லை. பிரான்ஸில் வேலை தொடர்பான தனிநபர் வழக்குகளைக் கேட்பது புருதோம் என்ற மன்றம். 1806இல் லியோன் நகரின் பட்டுத் தொழிலுக்காகத் தொடங்கியது. அதில் அமர்கிறவர்கள் தொழில்முறை நீதிபதிகள் அல்லர். தீர்ப்பு அமர்வில் பொதுவாக நால்வர்: இருவர் முதலாளிகள் தரப்பிலிருந்தும் இருவர் தொழிலாளர் தரப்பிலிருந்தும் வந்தவர்கள். இரண்டுக்கு இரண்டு என்று முட்டிக்கொண்டால் மட்டும் தொழில்முறை நீதிபதி ஒருவர் சேர்ந்து மறுபடி விசாரிப்பார். முதலில் சமரச அமர்வு, பிறகு ஆவணப் பரிமாற்றம், பிறகு தீர்ப்பு அமர்வு என்று வழக்கு ஒரு வருடத்தைத் தாண்டிப் போவது சாதாரணம். அதற்குள் பரிசாரகர் வேறு ஊருக்குப் போயிருப்பார், தலைமைச் சமையற்காரர் சொந்தக் கடை வைத்திருப்பார், முதலாளியின் நினைவு மாறியிருக்கும். அந்தக் குசினியைப் பார்த்திராத நான்கு பேர் அந்தத் தாளை வாசிப்பார்கள். அவர்களில் இருவர் சம்பளம் கொடுக்கிற வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். மின்னஞ்சல் அவர்களுக்கும் விளங்க வேண்டும், அவர்களையும் முகம்சுளிக்க வைக்கக் கூடாது.

இதைச் சொன்னதும், எழுத்தில் இல்லாத உரிமை உரிமையே இல்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. புருதோம் வழக்குகளில் சான்று எந்த வடிவத்திலும் இருக்கலாம். மாதாமாதம் சம்பளத் தாளை வாங்கி மறுபேச்சின்றி வைத்துக்கொண்டாலும், அதனால் நிலுவைச் சம்பளத்தை விட்டுக்கொடுத்ததாகாது என்று தொழில் சட்டத் தொகுப்பே சொல்கிறது. சம்பள நிலுவையை மூன்று வருடம் பின்னோக்கிக் கேட்கலாம். வேலை முறிவை எதிர்ப்பதற்கு மட்டும் பன்னிரண்டு மாதம்தான் கெடு. ஆகவே இதுவரை ஒன்றும் எழுதாதவருக்கும் வழி இருக்கிறது. எழுத்து உரிமையை உண்டாக்குவதில்லை. நிரூபிக்கும் பாரத்தை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தலாம் என்பதில்தான் அதன் வேலை.

மேலதிக நேரச் சம்பள வழக்கில் இது நன்றாகத் தெரியும். வேலை நேரத்தை நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் எந்த ஒரு தரப்பின் தலையிலும் முழுதாக வைக்கவில்லை. தொழிலாளி, தான் செய்ததாகச் சொல்லும் மணிநேரங்களைப் பற்றிப் போதிய துல்லியமுள்ள விவரங்களைத் தர வேண்டும். நேரத்தைக் கணக்கு வைக்கக் கடமைப்பட்ட முதலாளி தன் கணக்கைக் கொண்டுவந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாட்டின் உயர் மன்றமான கஸாசியோன் 2020 மார்ச் 18 அன்று கொடுத்த தீர்ப்பில் இதைத் தெளிவாக்கியது. தொழிலாளி தானே நாள்வாரியாக எழுதிய அட்டவணைகூடத் தொடக்கத்துக்குப் போதும். முதலாளி பதில் சொல்லக்கூடிய அளவுக்கு அது துல்லியமாக இருந்தால் சரி. 'தினமும் நிறைய நேரம் வேலை செய்தேன்' என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 'மார்ச் 4, செவ்வாய்: 11.00 முதல் 15.00 வரை, 18.30 முதல் 23.30 வரை' என்பதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மேலே சொன்ன கற்பனைத் தொழிலாளியின் கணக்கையே பார்ப்போம். வாரம் 39 மணி என்று ஒப்பந்தம். சம்பளத் தாளிலும் 39தான். உண்மையில் மதியம் நான்கு மணி நேரம், இரவு ஐந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், ஆக 45. உணவகங்களுக்கும் விடுதிகளுக்குமான கூட்டு ஒப்பந்தத்தில் 40ஆம் மணியிலிருந்து 43ஆம் மணிவரை 20 வீதம் கூடுதல், அதற்கு மேல் 50 வீதம் கூடுதல். மணிக்கு மொத்தச் சம்பளம் 12.50 யூரோ என்றால், நான்கு மணி நேரம் 15 யூரோ வீதம் 60. இரண்டு மணி நேரம் 18.75 வீதம் 37.50. வாரத்துக்கு 97.50 யூரோ. வேலை செய்த நாற்பது வாரத்துக்கு 3,900. விடுமுறைச் சம்பளப் பங்காக அதில் பத்தில் ஒன்று, 390. இரண்டு வருடம் என்றால் இதன் இரட்டிப்பு. இன்னொரு பக்கம், பதினொருவருக்குக் குறைவானோர் வேலை செய்யும் கடையில் இரண்டு வருடம் முடித்தவரை நியாயமின்றி நிறுத்தியதற்கான இழப்பீட்டுக்குச் சட்டம் வைத்துள்ள அளவுகோல் அரை மாதச் சம்பளத்தில் தொடங்கி மூன்றரை மாதத்தில் முடிகிறது. வேலை போன கோபத்தில் எல்லோரும் இந்த இரண்டாவதைப் பற்றியே பேசுகிறார்கள். சிறு கடைகளில் முதலாவதுதான் பெரும்பாலும் கனமானது; அதற்குத்தான் குறிப்பு யாரும் வைத்திருப்பதில்லை.

அட்டவணையை எதிர்க்க முதலாளி தரப்பு வழக்கமாகச் சொல்வது, 'நான் கேட்கவில்லை, அவராக நின்றார்' என்பது. மேலதிக நேரத்துக்கு முதலாளியின் வெளிப்படையான கட்டளை தேவையில்லை. மறைமுகமான சம்மதம் இருந்தால் போதும், அல்லது கொடுத்த வேலையை முடிக்க அந்த நேரம் தேவைப்பட்டிருந்தால் போதும். வாரம் முடிந்ததும் "கடந்த வாரம் நான் செய்த நேரம் இதோ" என்று நாள்வாரியாக ஒரு மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்து, அதற்கு மறுப்பு வராமலும் நேரம் குறைக்கப்படாமலும் இருந்தால், தெரியாது என்று பிறகு சொல்வது கடினம். எல்லா மௌனமும் சம்மதமாகிவிடாது. பதில் வராத ஒரு குற்றச்சாட்டு, அதனாலேயே உண்மையாகிவிடுவதில்லை. ஆனால் நேரக் கணக்கில், அறிந்திருந்தும் தடுக்காத முதலாளியின் மௌனத்துக்கு எடை உண்டு.

அட்டவணையின் எதிரி முதலாளி மட்டுமல்ல, அதிலுள்ள பிழையும்தான். ஊருக்குப் போயிருந்த வாரத்துக்கும் 45 மணி என்று போட்டிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடி எடுப்பது அதைத்தான். எல்லா நாளும் ஒரே நிமிடத்தில் முடிவதாக எழுதப்பட்ட அட்டவணையும் ஒரே இரவில் உட்கார்ந்து நிரப்பியதாகத் தோன்றும். சாப்பிட்ட இடைவேளையைக் கழித்து எழுதியவரின் கணக்கு சிறியதாக இருக்கும், ஆனால் நிற்கும்.

அடுத்து, சொற்கள். அவமானத்தையும் தொந்தரவையும் பற்றி எழுதும்போதுதான் பெரும்பாலான மின்னஞ்சல்கள் சரிகின்றன. ஒன்று இப்படி இருக்கும்: "நீங்கள் என்னை அடிமைபோல நடத்துகிறீர்கள். தினமும் அவமானப்படுத்துகிறீர்கள். எல்லோருக்கும் தெரியும். இது துன்புறுத்தல். உங்களை நீதிமன்றத்தில் நிறுத்துவேன்." எழுதியவருக்கு மனம் ஆறும். நான்கு நீதிபதிகளுக்கு இதில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. எந்த நாள், எந்தச் சொல், யார் அந்த எல்லோரும்? அதே மனிதர் இப்படியும் எழுதியிருக்கலாம்:

"பிப்ரவரி 6, வியாழன், மதியம் 2.15 மணியளவில் பாத்திரம் கழுவும் இடத்தில் நீங்கள் 'ஐந்து வருடமாகியும் மொழி தெரியாத மடையன்' என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். இரண்டு பரிசாரகர்கள் அங்கே இருந்தார்கள். பிப்ரவரி 13, வியாழன், என் ஓய்வு நாளை மாற்றியிருப்பதாக அன்று காலை 10 மணிக்குக் குறுஞ்செய்தியில் தெரிவித்தீர்கள். பிப்ரவரி 14 அன்று நான் மருத்துவரிடம் போனேன். அவர் ஐந்து நாள் ஓய்வு எழுதித் தந்தார். என்னிடம் இப்படிப் பேசுவதை நிறுத்தும்படியும் ஓய்வு நாளை முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இங்கே துன்புறுத்தல் என்ற சொல்லே இல்லை. இருக்க வேண்டுமா என்பதில் கஸாசியோன் மன்றமே மனம் மாறியிருக்கிறது. 2017 செப்டம்பரில், அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் எழுதியவருக்குத் துன்புறுத்தலைத் தெரிவித்தவருக்கான பாதுகாப்பு கிடையாது என்று அது தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 19 அன்று அந்த நிலையை விட்டது: கடிதத்திலுள்ள நிகழ்வுகளைப் படித்த முதலாளி, இது துன்புறுத்தல் பற்றிய முறையீடு என்பதை அறியாதிருக்க முடியாது என்றால், சொல் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. துன்புறுத்தல் வழக்கில் பாரம் பகிரப்படும் விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. துன்புறுத்தல் இருந்திருக்கும் என்று எண்ண வைக்கும் நிகழ்வுகளைத் தொழிலாளி முன்வைக்க வேண்டும். அவற்றுக்கு வேறு நியாயமான காரணம் உண்டு என்று முதலாளி காட்ட வேண்டும். நிகழ்வுகளைத் தனித்தனியாக வெட்டிப் பார்க்காமல் சேர்த்துத்தான் நீதிபதி எடைபோட வேண்டும். பெயர் சூட்டுவது அவருடைய வேலை. அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்பதில்லை; போட்டால் அது நிகழ்வுகளுக்குப் பின்னால் வரட்டும்.

கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுவது இதைவிட முக்கியம். "என்னைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்" என்பதற்குப் பதில் "நீங்கள் இப்படிச் சொன்னதாக இன்னார் இன்ன நாளில் என்னிடம் சொன்னார்" என்றால் எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஊகிக்கவும் இல்லை. முறையிட்டவரைத் தண்டிக்க முதலாளிக்கு இருக்கும் வாசல், அவர் கெட்ட எண்ணத்துடன் முறையிட்டார் என்பது மட்டும்தான். சொன்னது பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால்தான் அது கெட்ட எண்ணம். நிரூபிக்க முடியாமல் போவது கெட்ட எண்ணம் ஆகாது. ஆனால் திட்டும் சொற்களும் வரம்பு மீறிய தாக்குதலும் கருத்துச் சுதந்திரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டன என்ற குற்றச்சாட்டு வேறு வழியில் வரும். மருத்துவர் விஷயத்திலும் அதே பிரிப்பு வேண்டும். தான் பார்த்த அறிகுறிகளை அவர் எழுதலாம். குசினியில் நடந்ததைப் பார்க்காதவர், நோய்க்குக் காரணம் முதலாளி என்று எழுத முடியாது. அப்படி எழுதச் சொல்லி வற்புறுத்துவது யாருக்கும் உதவாது.

நம்மவர்கள் எழுதும் மின்னஞ்சல்களில் இரண்டு பழக்கங்கள் கேடு செய்கின்றன. ஒன்று, மரியாதைக்காக மன்னிப்பில் தொடங்குவது. "தெரியாமல் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்" என்று நாம் பணிவுக்குச் சொல்வதை, வழக்கறிஞர் ஒருவர் அமர்வில் வாசித்துக் காட்டும்போது அது தவறை ஒப்புக்கொண்டதுபோல ஒலிக்கும். வணக்கமும் நன்றியும் போதும். மற்றது, பிரெஞ்சு எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதுவிப்பது. அவர் உதவியாகத்தான் செய்கிறார். ஆனால் தனக்குத் தெரிந்த கனமான சட்டச் சொற்களையெல்லாம் சேர்த்துவிடுவார். பிறகு நீதிமன்றத்தில் 'இதன் அர்த்தம் என்ன' என்று கேட்டால் அனுப்பியவருக்கே தெரியாது. எழுதித் தருகிறவரை வாய்விட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். நீங்கள் சொல்லாத ஒன்று அதில் இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

தனக்குத்தானே சான்று செய்துகொண்டார் என்று எதிர்த்தரப்பு சொல்வதுண்டு. தனக்குத்தானே யாரும் சான்று செய்துகொள்ள முடியாது என்ற விதி நிகழ்வுகளை நிரூபிக்கும் இடத்தில் பொருந்தாது என்று கஸாசியோன் பலமுறை சொல்லிவிட்டது. ஆனால் ஏற்கப்படுவது வேறு, நம்பப்படுவது வேறு. நடந்த அன்றிரவு எழுதியதற்கு ஒரு எடை. வேலையை விடுவதற்கு முந்தைய வாரத்தில் அடுக்கடுக்காகப் பத்து மின்னஞ்சல் அனுப்பியதற்கு வேறு எடை. அன்றாடம் ஒவ்வொரு சிறு மனத்தாங்கலுக்கும் எழுதுகிறவரின் முக்கியமான மின்னஞ்சலும் கூட்டத்தில் காணாமல் போகும்.

எங்கிருந்து அனுப்புவது என்பதும் அற்பமில்லை. நிறுவனம் கொடுத்த முகவரி வேலை போன அன்றே மூடப்படலாம். சொந்த முகவரியிலிருந்து அனுப்புவது நல்லது. நிறுவனத்தின் ஆவணங்களைப் பொறுத்தவரை, வேலையின்போது தன் கைக்கு வந்தவற்றில் தன் வழக்குக்குக் கட்டாயம் தேவையானதை மட்டும் நகலெடுக்கலாம். அலுமாரியைத் துழாவுவது வேறு குற்றத்தில் கொண்டுபோய் விடும். வாட்ஸ்அப்பும் குறுஞ்செய்தியும் சான்றுதான். அனுப்பியவருக்கு அது பதிவாகி நிற்கும் என்று தெரியும் என்பதால் குறுஞ்செய்தி ஏற்கப்படும் என்று 2007 மே மாதமே தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் திரைப்பிடிப்பில் அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். சந்தேகம் எழும் இடத்தில், முன்பு உய்ஸியே என்று அழைக்கப்பட்ட நீதித்துறை அலுவலர் ஒருவரிடம் கைபேசியைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் செலவாகும். முதலாளியும் தமிழராக இருந்து செய்திகள் தமிழில் இருந்தால், மொழிபெயர்ப்பு இல்லாத தாளை நீதிபதி ஒதுக்கிவைக்கலாம். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பதே பாதுகாப்பு. பக்கத்துக்குப் பணம் என்பதால் தேவையான செய்திகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். முன்பின் வரிகளை வெட்டிவிட்டால் எதிர்த்தரப்பு முழுவதையும் கொண்டுவரும்.

ரகசிய ஒலிப்பதிவைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 22 அன்று கஸாசியோனின் முழு அமர்வு, மறைவாகப் பெற்ற சான்று என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்றது. உரிமையை நிலைநாட்ட அது தவிர்க்க முடியாததா, மற்றவரின் உரிமைக்கு ஏற்பட்ட பாதிப்பு அளவோடு இருக்கிறதா என்று நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். இந்தத் தீர்ப்பு எழுத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை என்பது என் கருத்து. மின்னஞ்சலால் நிரூபிக்க முடிந்ததை ஒலிப்பதிவால் நிரூபிக்க முயன்றால், அது தவிர்க்க முடியாதது என்று சொல்ல வழியில்லை. அந்தரங்கப் பேச்சைச் சம்மதமின்றிப் பதிவு செய்வதைத் தண்டிக்கும் குற்றவியல் விதியும் அப்படியே இருக்கிறது.

கூட வேலை செய்தவர்களின் சாட்சியத்துக்கு ஒரு வடிவம் உண்டு. கையால் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, அடையாள அட்டையின் நகலை இணைத்து, இது நீதிமன்றத்தில் பயன்படும், பொய்யானால் தண்டனை உண்டு என்று தெரிந்தே எழுதுவதாகக் குறிப்பிட வேண்டும். அங்கேயே வேலை செய்துகொண்டிருப்பவர் பயத்தில் எழுதமாட்டார். சில மாதம் கழித்து அவரே வெளியேறிய பிறகு எழுதுவார். அன்றிரவு மின்னஞ்சலில் அவர் அங்கே இருந்தார் என்று குறித்திருந்தால், அந்தத் தாமதமான சாட்சியம் திடீரென்று முளைத்ததாகத் தோன்றாது.

முதலாளியின் எழுத்துக்கும் தொழிலாளியின் எழுத்துக்கும் சட்டம் ஒரே அளவுகோலை வைக்கவில்லை. பணிநீக்கக் கடிதத்தில் சொன்ன காரணங்களோடு முதலாளி கட்டுப்பட்டுவிடுகிறார். 2017 மாற்றத்துக்குப் பிறகு அவற்றை விளக்கிக்கூறப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. புதிய காரணத்தைச் சேர்க்க முடியாது. முதலாளியின் தவறுகளால் வேலையை முறிக்கிறேன் என்று தொழிலாளி எழுதும் கடிதத்துக்கு அந்தக் கட்டு இல்லை. அதில் எழுத விட்டுப்போனதையும் நீதிபதி பார்க்க வேண்டும் என்று 2005 ஜூன் 29 தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அந்த ஒரு கடிதத்தில் வாழ்நாள் குறைகளையெல்லாம் அடைக்க வேண்டியதில்லை. தேதி தெரிந்த, தாள் உள்ள நான்கைந்து நிகழ்வுகள் போதும்.

கடைசி நாளில் மேசைமேல் வைக்கப்படும் கணக்குத் தீர்வுத் தாளில் கையொப்பமிட்டுவிட்டோமே என்று பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கையொப்பம் தாளில் பெயர்சொல்லிக் குறித்த தொகைகளைத்தான் முடிக்கிறது. அவற்றையும் கையொப்பமிட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவுத் தபாலில் மறுக்கலாம். குறிக்கப்படாத மேலதிக நேரத்தை அந்தத் தாள் தொடவே இல்லை.